ஒற்றை நட்சத்திர விமர்சனமும் மெஸ் உரிமையாளரின் பதிலும்: ஒரு நிகழ்வு ஆய்வு

தஞ்சாவூரில் 28 பேர் உட்கார்ந்து சாப்பிடக்கூடிய ஓர் அசைவ மெஸ்ஸுக்கு, கூகுள் மேப்பில் ஒரு திங்கட்கிழமை காலை ஒற்றை நட்சத்திரத்தோடு இந்த விமர்சனம் வந்தது: “ஞாயித்துக்கிழமை மதியம் குடும்பத்தோட நாலு பேர் போனோம். ஒரு மணி நேரம் நிக்க வச்சாங்க. நேத்து வச்ச மட்டன் சுக்காவ சூடு பண்ணிக் குடுத்தாங்க. போர்டுல 220, பில்லுல 260. அதுக்கு மேல ஜிஎஸ்டி வேற. கேட்டா கல்லாவுல இருந்தவர் திமிரா பேசுறார். அன்னைக்கு ராத்திரியே பையனுக்கு வாந்தி. தயவுசெஞ்சு யாரும் போயிராதீங்க.”

நான் சிறு உணவகங்களுக்கு ஜிஎஸ்டி கணக்கு எழுதித் தருபவன். அந்த மெஸ்ஸுக்கும் நான்தான் எழுதுகிறேன். உரிமையாளர் கைப்பேசியை என்னிடம் நீட்டியபோது, கல்லாவில் உட்காரும் அவருடைய மைத்துனர் ஒரு பதிலைத் தட்டச்சு செய்தே வைத்திருந்தார். இது எதிர்க்கடைக்காரன் ஆள் வைத்துப் போட்டது என்றும், பதினோரு வருடமாகக் கடை நடத்துகிறோம், ஒரு புகார் கிடையாது என்றும், அன்று மட்டும் நூற்றைம்பது பேருக்கு மேல் சாப்பிட்டார்கள், அவர்களில் யாருக்கும் வராத வாந்தி உங்கள் பையனுக்கு மட்டும் எப்படி வந்தது என்றும் அதில் இருந்தது. கோபம் நியாயமானதுதான். ஆனால் அந்தப் பதிலில், விமர்சனம் சொன்ன எதையும் பற்றிக் கடைக்காரருக்கு உறுதியாகத் தெரிந்த விஷயம் என்று ஒன்றுகூட இல்லை. உரிமையாளர் அதை அனுப்பவிடவில்லை. புதன்கிழமை இரவு வேறொரு பதில் போனது. இடைப்பட்ட நேரத்தில் என்ன பார்க்கப்பட்டது, பார்த்ததில் எது பதிலுக்குள் போனது, எது வெளியே நிறுத்தப்பட்டது என்பதே இந்த ஆய்வின் பொருள்.

முதலில் தீர்க்க வேண்டியிருந்தது, எழுதியவர் உண்மையிலேயே வந்து சாப்பிட்டவரா என்ற கேள்வி. பொய் விமர்சனம் என்று சந்தேகிக்கும் கடைக்காரர்கள் பெரும்பாலும் எழுதியவரின் பெயரையும் படத்தையும் நோண்டுகிறார்கள். அதைவிட, எழுதியதற்குள் இருக்கும் விவரத்தைப் பார்ப்பது பலன் தரும். பலகையில் 220, பில்லில் 260 என்ற வித்தியாசம் கடைக்குள் நின்று பலகையையும் பில்லையும் சேர்த்துப் பார்த்தவருக்கு மட்டுமே தெரியும். பில்லிங் இயந்திரத்தில் ஞாயிறு மதியத்துக்கான பில்களை வரிசையாக எடுத்தோம். நான்கு சாப்பாடு, ஒரு மட்டன் சுக்கா, இரண்டு சங்கரா மீன் வறுவல், இரண்டு ஆம்லெட் என்று நால்வர் குடும்பத்துக்குப் பொருந்தும் பில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. சாப்பாடு 130 வீதம் 520, சுக்கா 260, மீன் 150 வீதம் 300, ஆம்லெட் 20 வீதம் 40, ஆக 1,120. இரு பங்காக ஜிஎஸ்டி 28, 28 சேர்த்து 1,176 ரூபாய். ஆள் உண்மையானவர் என்பது அத்துடன் முடிந்தது. யுபிஐயில் பணம் வந்ததால் அவருடைய முழுப்பெயரும் வங்கிச் செய்தியில் இருந்தது. அந்தப் பெயர் பதிலுக்குள் போகக்கூடாது என்பதை முதலிலேயே முடிவு செய்துகொண்டோம். வாடிக்கையாளர் பணம் கட்டியதால் கிடைத்த தகவலை அவருக்கு எதிராகப் பொதுவில் வைக்கும் கடையில் அடுத்தவர் எந்த நம்பிக்கையில் பணம் கட்டுவார்?

இனி விலை. சுக்காவின் விலையைப் பத்து நாட்களுக்கு முன் இயந்திரத்தில் 260 ஆக்கியிருக்கிறார்கள். சுவரில் தொங்கும் பலகையை எழுதுபவர் ஊரில் இல்லாததால் பலகை 220 என்றே நின்றுவிட்டது. விலைப்பட்டியலில் காட்டியதைவிடக் கூடுதலாக வாங்குவது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி புகாருக்குரிய விஷயம். ஆட்டுக்கறி விலை ஏறியது உண்மை. ஆனால் அதைப் பதிலில் சொன்னால் விளக்கமாகத் தெரியாது, சாக்காகத்தான் தெரியும். இந்தப் புள்ளியில் விமர்சனம் எழுதியவர் முழுக்கச் சரி. ஜிஎஸ்டியைப் பொறுத்தவரை அவர் சரியில்லை: இந்த வகை உணவகத்துக்கு 5 சதவீதம்தான் வரி, அதுதான் போடப்பட்டிருக்கிறது, சேவைக் கட்டணம் என்று எதுவும் சேர்க்கப்படவில்லை. ஆனால் பலகை விலைக்கும் பில் விலைக்கும் வித்தியாசம் கண்ட ஒருவர் அடுத்த வரியில் வரியையும் சந்தேகிப்பது இயல்பு. எனவே வரியைப் பற்றிய விளக்கம் ஒரே வாக்கியமாக, விலைத் தவறை ஒப்புக்கொண்ட பிறகு வர வேண்டும் என்று சொன்னேன். வரிசையை மாற்றிப் போட்டால், சிறிய சரியைக் காட்டிப் பெரிய தவறை மறைப்பதாகிவிடும்.

காத்திருப்பு பற்றிய புகார்தான் அதிக நேரம் எடுத்தது. சமையலறைக்குப் போகும் கேஓடி சீட்டு 1.44 மணிக்கும், பில் 2.27 மணிக்கும் அச்சாகியிருந்தன. மைத்துனர் உடனே, “பார்த்தீங்களா சார், சொன்னதுலேர்ந்து சாப்பிட்டு முடிச்சு பில் வர்ற வரைக்குமே நாப்பத்து மூணு நிமிஷம்தான். எங்க ஒரு மணி நேரம்?” என்றார். கணக்கு சரி; ஆனால் கடிகாரம் எங்கே ஓடத் தொடங்குகிறது என்பதில்தான் சிக்கல். ஆர்டர் சொன்ன நேரத்திலிருந்து கடைக்காரர் எண்ணுகிறார். வாடிக்கையாளரோ வாசலில் கால் வைத்த நேரத்திலிருந்து எண்ணுகிறார். கேஓடிக்கு முன்னால் அந்தக் குடும்பம் எவ்வளவு நேரம் நின்றது என்பது எந்தச் சீட்டிலும் இருக்காது. அதற்கு வாசல் கேமராவைத்தான் பார்க்க வேண்டும்.

கேமராவைப் பார்ப்பதற்கு முன் கடிகாரங்களைச் சரிபார்த்தோம். இதைப் பலர் செய்வதில்லை. யுபிஐ பணம் வந்த செய்தியில் நேரம் 2.21. பில் அச்சான பிறகுதான் பணம் கட்டுவார்கள், பில்லிலோ 2.27 என்று இருக்கிறது. ஆகவே பில்லிங் இயந்திரத்தின் கடிகாரம் குறைந்தது 6 நிமிடம் முந்தி ஓடுகிறது. கேமராவில் அவர் கல்லாவில் கைப்பேசியை நீட்டி ஸ்கேன் செய்யும் காட்சியில் நேரம் 2.20, ஆகவே கேமராவின் நேரத்தை நம்பலாம். அதன்படி குடும்பம் வாசலுக்கு வந்தது 1.09, இலை முன் உட்கார்ந்தது 1.34, சர்வர் சீட்டைச் சமையலறையில் கொடுத்தது 1.37, மீன் வறுவல் மேசைக்கு வந்தது 1.58. நின்றது 25 நிமிடம். வந்ததிலிருந்து மீன் வரும்வரை 49 நிமிடம். அதற்குள் பெரியவர் இருவரும் சாதத்தில் ரசம்வரை வந்துவிட்டார்கள். பையன் மீனுக்காக இலையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பது காட்சியில் தெரிகிறது. ஞாயிறன்று மீனுக்கும் ஆம்லெட்டுக்கும் அந்தக் கடையில் ஒரே கல்தான். ஒரு மணி நேரம் என்பது கொஞ்சம் மிகை. 43 நிமிடம் என்று மறுப்பதோ அதைவிடப் பெரிய தவறு. பசித்த குழந்தையோடு நின்ற ஒருவரிடம் 11 நிமிட வித்தியாசத்துக்காக வாதாடுவதைப் படிக்கிறவர் யாரும் ரசிக்கமாட்டார்.

அடுத்து “நேத்து வச்ச சுக்கா”. ஞாயிறு அதிகாலை கறிக்கடையில் வாங்கியதற்கான சீட்டு இருந்தது. சனிக்கிழமை இரவு 8.50க்குச் சுக்கா தீர்ந்துவிட்டதென்று இயந்திரத்தில் அதை நிறுத்தியிருந்ததும் தெரிந்தது. இரண்டும் சேர்ந்தால் வலுவான ஆதாரம் என்று தோன்றும். ஆனால் வாங்கிய சீட்டு வாங்கியதைத்தான் காட்டும், தட்டில் விழுந்தது எது என்பதைக் காட்டாது. சமையல் மாஸ்டரிடம் கேட்டபோதுதான் உண்மையான நிலவரம் வந்தது: ஞாயிறன்று சுக்கா முழுவதையும் 11 மணிக்கே பிரட்டி இறக்கி, அடுப்பு ஓரத்தில் பாத்திரத்தில் வைத்து, ஆர்டர் வரவர ஒரு தட்டளவு எடுத்துக் கல்லில் போட்டு, மிளகும் கறிவேப்பிலையும் தூவிச் சூடேற்றித் தருகிறார். 2 மணிக்குக் கடைசித் தட்டுகள் போகும்போது கறி மேலே வறண்டு, மசாலா கருகிய வாசனையோடு இருக்கும். அதைச் சாப்பிட்டவர் பழசு என்று நினைத்தால் ஆச்சரியமில்லை. ஆகவே “சூடு பண்ணிக் குடுத்தாங்க” என்பது உண்மை. “நேத்து வச்ச” என்பது உண்மையில்லை. இரண்டையும் பிரித்துச் சொல்ல வேண்டியிருந்தது.

கல்லாவில் நடந்த பேச்சுக்குப் பதிவு எதுவும் இல்லை. கேமராவில் ஒலி கிடையாது. “ரேட் அதான் சார்னு மட்டும்தான் சொன்னேன்” என்றார் மைத்துனர். அந்த மூன்று சொற்களை எந்தக் குரலில் சொன்னார் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. விலை தவறாக இருந்தபோது விலை அதுதான் என்று சொன்னதே போதுமான தவறு என்பதால் அதற்கு மேல் தோண்டவில்லை.

கடைசியாக வாந்தி. உணவகத்துக்கு வரும் புகார்களிலேயே பதில் எழுதுவதற்கு மிகக் கடினமானது இதுதான், ஏனென்றால் மறுக்கவும் முடியாது, ஒப்புக்கொள்ளவும் முடியாது. சாப்பிட்டு ஆறேழு மணி நேரத்தில் வாந்தி வந்தால் அது உணவினால் இருக்கவே முடியாது என்று சொல்ல வழியில்லை. ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற கிருமியின் நச்சு உணவில் இருந்தால் அரை மணி முதல் எட்டு மணி நேரத்துக்குள் வாந்தி வரும். கையில் வெட்டுக்காயமோ புண்ணோ உள்ளவர் தொட்ட சமைத்த உணவு வெதுவெதுப்பாக நெடுநேரம் இருக்கும்போது அந்த நச்சு உருவாகிறது, மறுபடி சூடேற்றினாலும் அழியாது. அதே சமயம், நோரோவைரஸ் போன்றவை உடலுக்குள் போய் 12 முதல் 48 மணி நேரம் கழித்தே வாந்தியாக வெளிப்படும்; அப்படியானால் காரணம் அந்த மதியச் சாப்பாட்டுக்கு முந்தையது. கடைசியாகச் சாப்பிட்ட இடத்தைக் குற்றம்சொல்வது எல்லோருக்கும் உள்ள பழக்கம், அது பல நேரம் தவறாகவும் இருக்கிறது. ஆனால் இந்தக் குடும்பத்தின் விஷயத்தில் தவறு என்று சொல்லக் கடைக்காரரிடம் எதுவும் இல்லை. அன்றைய உணவில் மாதிரி எடுத்து வைக்கவில்லை. பாத்திரத்தின் வெப்பநிலையை யாரும் அளக்கவில்லை.

நூற்றைம்பது பேர் சாப்பிட்டார்கள், வேறு யாரும் புகார் சொல்லவில்லை என்ற வரியை உரிமையாளர் சேர்த்தே ஆக வேண்டும் என்று நெடுநேரம் நின்றார். அது உண்மைதான் என்பதால் விட மனம் வரவில்லை. நான் வேண்டாம் என்றதற்கு இரண்டு காரணங்கள் இருந்தன. மெஸ்ஸில் சாப்பிட்டு வயிறு கெட்டவர்களில் பெரும்பாலோர் திரும்பி வந்து சொல்வதில்லை, வராமல் இருந்துவிடுகிறார்கள்; ஆகவே புகார் இல்லை என்பதை வைத்து நோய் இல்லை என்று சொல்ல முடியாது. இரண்டாவது, அந்த வரியை எப்படி எழுதினாலும், பையனுக்கு வாந்தி வந்ததே பொய் என்றுதான் தாய் தகப்பன் காதில் விழும். அதற்குப் பதிலாகக் கடைக்காரர் செய்யக்கூடியவற்றைச் செய்தார்: சமையலறையில் யாருக்கும் அந்த வாரம் வயிற்றுப்போக்கோ கையில் காயமோ இருந்ததா என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியே கேட்டார். காய் நறுக்குபவரின் விரலில் ஆறிவரும் ஒரு சிறு வெட்டு இருந்தது. அவர் சுக்காவைத் தொடுவதில்லை. காயம் ஆறும்வரை அவரை இலை எடுக்கும் வேலைக்கு மாற்றினார்கள்.

புதன்கிழமை இரவு போன பதில் இது:

“வணக்கம். விலையைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. பலகையில் மட்டன் சுக்கா 220 ரூபாய் என்று இருக்கும்போது உங்களிடம் 260 வாங்கியிருக்கிறோம். விலையை மாற்றியபோது பலகையை மாற்றாமல் விட்டது எங்கள் தவறு. கேட்டபோதும் உங்களுக்குச் சரியான பதில் கிடைக்கவில்லை. வரியோடு சேர்த்து 42 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். பில்லைக் கல்லாவில் காட்டினாலோ பில்லில் உள்ள எண்ணில் அழைத்தாலோ தந்துவிடுகிறோம். இதற்காக நீங்கள் எழுதியதை மாற்ற வேண்டியதில்லை. பில்லில் தனியாக இருந்த 56 ரூபாய் 5 சதவீத ஜிஎஸ்டி. சேவைக் கட்டணம் நாங்கள் வாங்குவதில்லை.

கேமராவில் பார்த்தோம். நீங்கள் இடத்துக்காக 25 நிமிடம் நின்றிருக்கிறீர்கள். வந்ததிலிருந்து மீன் வறுவல் வருவதற்கு ஏறக்குறைய 50 நிமிடம் ஆகியிருக்கிறது. குழந்தையோடு வந்தவர்களுக்கு இது அதிகம். ஞாயிறு மதியம் வறுவலுக்கு 20 நிமிடம் ஆகும் என்பதை இனி ஆர்டர் எடுக்கும்போதே சொல்வோம்.

சுக்கா அன்று காலை வாங்கிய கறியில் 11 மணிக்குச் செய்தது. ஆர்டர் வரும்போது கல்லில் சூடேற்றித் தருகிறோம் என்பது உண்மை. முந்தைய நாளுடையது இல்லை. நீங்கள் சாப்பிட்ட நேரத்தில் அது வறண்டிருக்க வாய்ப்பு உண்டு.

உங்கள் மகனுக்கு உடல்நலம் சரியில்லாமல் போனதற்கு வருந்துகிறோம். அதற்குக் காரணம் என்ன என்று இங்கிருந்து எங்களால் சொல்ல முடியாது. சமையலறையில் பணியாளர்களின் உடல்நிலையைச் சரிபார்த்திருக்கிறோம். மருத்துவரிடம் காட்டியிருந்து, அவர் உணவைப் பற்றி ஏதும் சொல்லியிருந்தால் எங்களுக்குத் தெரிவியுங்கள். உணவுப் பாதுகாப்புத் துறையிடம் சொல்ல விரும்பினால், எங்கள் உணவுப் பாதுகாப்பு எண் பில்லின் மேலே இருக்கிறது. அவர்கள் வந்தால் அந்த நாளுக்கான எல்லாச் சீட்டுகளையும் காட்டுகிறோம். — உரிமையாளர்”

உணவுப் பாதுகாப்பு எண்ணைப் பற்றிய வாக்கியம் மைத்துனருக்குப் பிடிக்கவே இல்லை: நாமே அதிகாரியைக் கூப்பிடுகிறோம் என்றார். 2022 ஜனவரி முதல் அந்த 14 இலக்க எண்ணைப் பில்லில் அச்சிட வேண்டும் என்பது எல்லா உணவகங்களுக்கும் உள்ள விதி. அது ஏற்கெனவே வாடிக்கையாளர் கையில் இருக்கிறது. சொல்லாமல் விட்டாலும் புகார் செய்ய நினைப்பவர் செய்வார். விமர்சனத்தை மாற்ற வேண்டியதில்லை என்ற சொற்களும் தற்செயலாக வந்தவையல்ல. பணமோ இலவசச் சாப்பாடோ தருவதாகச் சொல்லி விமர்சனத்தை நீக்கவோ திருத்தவோ கேட்பதைக் கூகுளின் விதிகள் தடுக்கின்றன. 42 ரூபாய் கடன், அதைக் கொடுப்பதில் நிபந்தனைக்கு இடமில்லை. விமர்சனத்தை நீக்கக் கோரிக் கூகுளுக்கு எழுதுவதும் பேச்சில் வந்தது. உண்மையில் வந்து சாப்பிட்ட ஒருவருக்கும் கடைக்கும் இடையே எது சரி என்ற வழக்கில் கூகுள் தலையிடுவதில்லை என்பதால் அதில் நேரத்தைச் செலவிடவில்லை.

42 ரூபாயை ஒருவருக்கு மட்டும் தருவது கணக்கு எழுதுபவனாக எனக்குச் சரியாகப் படவில்லை. அந்தப் பத்து நாளில் சுக்கா வாங்கிய எல்லோருக்கும் அதே கணக்குதானே? பில் வைத்திருப்பவர்கள் வித்தியாசத்தைத் திரும்பப் பெறலாம் என்று கல்லா அருகே ஒரு தாளை ஒட்டினார்கள். வந்து கேட்டவர்கள் மிகச் சிலரே. பலகை வியாழக்கிழமை மாற்றப்பட்டது.

அடுத்த வாரம் விமர்சனம் எழுதியவரின் மனைவி பில்லோடு வந்து பணத்தை வாங்கிக்கொண்டார். பையன் மறுநாளே சரியாகிவிட்டான் என்றார், வேறெதுவும் பேசவில்லை. இரண்டு நாள் கழித்து விமர்சனத்தின் கீழே இரண்டு வரி சேர்ந்திருந்தது: “பணம் திருப்பிக் குடுத்துட்டாங்க, போர்டையும் மாத்திட்டாங்க. சுக்கா பத்தி என் கருத்து மாறல.” நட்சத்திரம் இரண்டானது. மைத்துனருக்கு ஏமாற்றம், நான் அதைத் தோல்வியாகக் கருதவில்லை. சுக்காவின் ருசியைப் பற்றி அவர் நினைப்பதை மாற்றுவது அந்தப் பதிலின் வேலையே அல்ல. ஊருக்குப் புதிதாக வந்து எங்கே சாப்பிடலாம் என்று தேடுகிறவர், விமர்சனத்தையும் பதிலையும் அடுத்தடுத்துப் படித்து, இந்தக் கடையில் ஏதும் தவறினால் என்ன நடக்கும் என்று தெரிந்துகொள்வதற்காக எழுதப்பட்டது அது.

பதிலை எழுதும்போது வெப்பநிலை பற்றிச் சொல்ல எதுவும் இல்லாமல் போனது உரிமையாளரை உறுத்திக்கொண்டே இருந்தது. உணவில் குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்றை வாங்கி, அடுத்த ஞாயிறு அரை மணிக்கு ஒருமுறை சுக்காப் பாத்திரத்தில் அளந்தார். சூடாகப் பரிமாற வைக்கும் உணவு 60 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகக்கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. 12.30க்கே 60ஐத் தொட்டுவிட்டது; 2 மணிக்கு 47. இப்போது சுக்காவை 11 மணிக்கும் 12.45க்குமாக இரண்டு ஈடாகச் செய்கிறார்கள். பாத்திரம் கொதிநீர்த் தொட்டியில் உட்கார்ந்திருக்கிறது. இதைப் பதிலில் சேர்க்கலாமா என்று உரிமையாளர் கேட்டார். 47 என்ற எண்ணை அந்த ஞாயிற்றுக்கு உரியதாக எழுத முடியாது, அன்று அளக்கவே இல்லை. மாற்றத்தை மறைப்பதும் சரியில்லை. பதிலைத் திருத்தி, தேதியிட்டு ஒரு வரி மட்டும் கடைசியில் சேர்த்தோம்: “சுக்காவை இப்போது மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு முறை செய்கிறோம், பரிமாறும் பாத்திரத்தின் வெப்பநிலையை அரை மணிக்கு ஒருமுறை அளந்து எழுதிவைக்கிறோம்.” அளந்து எழுதும் நோட்டு கல்லாவில் இருக்கிறது, கேட்பவர்களுக்கு மைத்துனர்தான் எடுத்துக் காட்டுகிறார்.